வெட்டிய மாம்பழத்தில் காம்போரப் பழுப்பு: படத்தைப் பார்த்து எதுவரை நறுக்கி எடுக்கலாம்?

காரைக்குடி வாசகி | மே 18, காலை 8.10

இரண்டு படங்களை இணைத்திருக்கிறேன். முதல் படத்தில் இருப்பது கொட்டையை ஒட்டி நீளவாக்கில் சீவிய பங்கனபள்ளி மாம்பழத் துண்டு. வெட்டிய முகம் மேலே தெரியும்படி எவர்சில்வர் தட்டில் வைத்து எடுத்தேன். காம்பு இருந்த பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குச் சதை பழுப்பாக இருக்கிறது. அதற்குச் சற்றுத் தள்ளி, பழத்தின் நடுப்பகுதியில், வெளிறிய பழுப்பில் இன்னொரு திட்டு தெரிகிறது. இரண்டாவது படம் அதே பழத்தின் தோல். அதில் சிறு கறுப்புப் புள்ளிகள் உள்ளன.

விசேஷத்துக்கு வந்த உறவினர் ஒரு கூடை பழம் வைத்துவிட்டுப் போனார்கள். மாமியார் பழுப்பை மட்டும் எடுத்துவிட்டுக் குழந்தைகளுக்குக் கொடுக்கலாம் என்கிறார். என் கணவர் முழுப் பழத்தையும் எறியச் சொல்கிறார். எந்தப் பகுதியை நறுக்கினால் போதும் என்று படத்தைப் பார்த்துச் சொல்ல முடியுமா?

புதுவயல் வணிகர் | மே 18, காலை 8.55

கறுப்புப் புள்ளி இருந்தாலே கார்பைட் கல் வைத்துப் பழுக்க வைத்த பழம் என்று பொருள். அந்தப் பழத்தில் எந்தப் பகுதியும் நல்லதல்ல. தோலை உரித்தாலும் பயனில்லை. இது சந்தையில் பல காலமாக நிற்பவனின் அனுபவம்.

ஆத்தங்குடி | மே 18, காலை 9.20

பழத்தைப் பற்றிச் சொல்லும் தகுதி எனக்கில்லை. படத்தைப் பற்றிச் சொல்கிறேன். இது இரண்டாங்கட்டில் மஞ்சள் விளக்கின் கீழ் எடுத்தது என்று தோன்றுகிறது, ஏனென்றால் தட்டின் விளிம்பே மஞ்சளாகத்தான் தெரிகிறது. அப்படிப்பட்ட வெளிச்சத்தில் நல்ல மாம்பழச் சதையும் பழுப்பாகத் தெரியும். இன்றைய கைப்பேசிகள் படத்தைத் தாமே வழவழப்பாக்கிவிடுவதால், மெல்லிய பூசணம் இருந்தால்கூட அது காணாமல் போய்விடலாம்.

முற்றத்துக்குக் கொண்டு வாருங்கள். நேர் வெயில் வேண்டாம். நிழலான திறந்த வெளிச்சம் போதும். பழத்துக்கு அருகே வெள்ளை வேட்டியின் ஓரத்தையோ வெள்ளைத் தாளையோ வைத்தால், பார்ப்பவர் அதை வைத்து மற்ற நிறங்களை அளந்துகொள்வார். பிளாஷ் போடாதீர்கள்; அது ஈரத்தில் பளிச்சென்று பட்டு எல்லாவற்றையும் மறைத்துவிடும். பூசணம் இருக்கிறதா என்று பார்க்க, வெளிச்சம் பக்கவாட்டில் சாய்வாக விழும்படி தட்டைத் திருப்பி இன்னொரு படம் எடுங்கள். இழைகள் இருந்தால் நிழல் விழும்.

கோட்டையூர் | மே 18, காலை 9.45

எங்கள் வீட்டில் வாழைப்பழத்தைப் பிரிட்ஜில் வைத்தால் மறுநாளே தோல் கறுத்துவிடுகிறது. உள்ளே வெள்ளையாகத்தான் இருக்கிறது. அதையும் எறிவதா? தயவுசெய்து யாராவது சொல்லுங்கள். எங்கள் வீட்டிலும் இதே சண்டைதான்.

பள்ளத்தூர், ஓய்வுபெற்றவர் | மே 18, காலை 10.30

மாம்பழங்களைத் தரம் பிரித்து ஏற்றுமதிக்குக் கட்டும் கூடத்தில் பல ஆண்டுகள் பணிபுரிந்தவன் நான். ஒவ்வொன்றாகப் பதில் சொல்கிறேன்.

கோட்டையூர் அன்பருக்கு முதலில். வாழைப்பழம் ஏறத்தாழ 13 டிகிரிக்குக் கீழே குளிர்ந்தால் தோல் கறுத்துவிடும். அது குளிர் தாக்கியதால் வருவது, அழுகல் அல்ல. உள்ளே உறுதியாக இருந்து, புளித்த வாடை இல்லாவிட்டால் சாப்பிடலாம். மாம்பழத்துக்கும் குளிர் ஆகாது, அதனால் பழுக்காத காயைப் பிரிட்ஜில் அடைக்கக் கூடாது.

வணிகருக்கு. கார்பைட் தடைசெய்யப்பட்டது என்பதிலும் அதைத் தவிர்க்க வேண்டும் என்பதிலும் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. எத்திலீன் வாயுவை 100 பிபிஎம் வரை பயன்படுத்தச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் தோலில் கறுப்புப் புள்ளி தெரிவதற்கும் கார்பைடுக்கும் நேரடித் தொடர்பில்லை. அவற்றில் பெரும்பாலானவை தோட்டத்திலேயே பூவிலும் பிஞ்சிலும் தங்கிவிட்ட ஆந்த்ராக்னோஸ் என்ற பூஞ்சை நோயின் அடையாளம். காய் பச்சையாக இருக்கும்வரை அது உறங்கிக் கிடக்கும். பழுக்கத் தொடங்கியதும் தலைதூக்கும். காம்பிலிருந்து தோள் வழியாக மழைநீர் வழிந்த பாதையில் கோடு கோடாகப் புள்ளிகள் இருந்தால் அநேகமாக அதுவேதான்.

வாசகிக்கு. படத்தில் தெரியும் பழுப்பின் நிறத்தை வைத்து நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். மூன்று கேள்விகளுக்கு மட்டும் பதில் சொல்லுங்கள். கத்தி வைத்து வெட்டிய அதே நொடியில் பழுப்பு இருந்ததா, வெட்டி வைத்த பிறகு வந்ததா? அதன் விளிம்பு கொஞ்சம் கொஞ்சமாக மங்கி நல்ல சதையில் கலக்கிறதா, கோடு போட்டதுபோல் நிற்கிறதா? தோலிலோ காம்பிலோ அது எங்கே தொடங்குகிறது?

காரைக்குடி வாசகி | மே 18, பகல் 12.15

முற்றத்தில் வைத்து எடுத்த மூன்று புதிய படங்களை இணைத்துள்ளேன். ஆத்தங்குடித் தம்பி சொன்னது உண்மைதான். வெள்ளைத் துணிக்கு அருகில் வைத்ததும் நடுப்பகுதித் திட்டு முன்பைவிட வெளிறித் தெரிகிறது. காம்போரத்தில் இருப்பது மட்டும் நன்றாகவே கரும்பழுப்பாக இருக்கிறது.

வெட்டிய நொடியிலேயே இரண்டும் இருந்தன. நடுத்திட்டின் விளிம்பு மங்கிக்கொண்டே போகிறது. அதற்கு நேர் மேலே தோல் கிழியவில்லை, சற்று அமுங்கியிருக்கிறது. காம்போரப் பழுப்பின் எல்லை தெளிவாக இருக்கிறது. காம்பைச் சுற்றித் தோலும் கறுத்திருக்கிறது, விரல் வைத்தால் உள்ளே போகிறது. மணம் பற்றி யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன்: அந்த இடத்தில் மட்டும் லேசான புளித்த வாடை வருகிறது.

பள்ளத்தூர், ஓய்வுபெற்றவர் | மே 18, பகல் 1.05

மணத்தைச் சொன்னது மிக நல்லது. படத்தால் சொல்ல முடியாத மிக முக்கியமான செய்தி அதுதான்.

இப்போது ஒரு சோதனை செய்யுங்கள். பழுப்பான இரண்டு இடங்களிலும், ஒவ்வொன்றாக, மெல்லிய சீவலைச் சீவி எடுங்கள். காற்றுப் பட்டு வரும் பழுப்பு மேல்தோல் கனத்துக்குத்தான் இருக்கும். ஒரு சீவல் போனதும் கீழே புதுச்சதை வந்துவிடும். ஆப்பிளிலும் கொய்யாவிலும் நாம் அன்றாடம் காண்பது இதுதான். அதைத் தின்பதால் உடம்புக்கு ஒன்றும் ஆகாது, சுவைதான் சற்றுக் குறையும். மாம்பழத்தில் அந்தப் பழுப்பு மிகவும் மெதுவாக வரும். ஆகவே வெட்டிய நொடியிலேயே பழுப்பு இருந்தால் அது காற்றால் வந்ததல்ல, முன்பே உள்ளே நடந்த ஒன்று.

அடிபட்ட இடம் அதைவிட ஆழமாகப் போகும், ஆனால் ஓரிடத்தில் முடிந்துவிடும். அழுத்தத்தில் சதையின் அறைகள் உடைந்து, உள்ளிருந்த நீரும் நொதியும் கலந்துவிடுவதால் அங்கே நிறம் மாறி மென்மையாகிறது. தோல் கிழியாமல் இருந்தால் வெளியிலிருந்து கிருமி எளிதில் நுழையாது. அழுகல் இந்த இரண்டிலிருந்தும் வேறுபட்டது. எங்கே தொடங்கியதோ அங்கிருந்து பாதை பிடித்துப் போகும். காம்போர அழுகல் காம்பின் வழியே இறங்கி, கொட்டையை நோக்கிப் போகும் நார்களை ஒட்டிச் செல்லும். சீவச் சீவ அது தொடர்ந்தால் விடை கிடைத்துவிட்டது என்று பொருள்.

ஒரு எச்சரிக்கை: காம்போரத்தை முதலில் வெட்டிய கத்தியைக் கழுவாமல் மற்றதை வெட்டாதீர்கள்.

காரைக்குடி வாசகி | மே 18, மாலை 4.40

செய்துவிட்டேன். நடுத்திட்டில் கட்டைவிரல் நகத்தின் பாதி நீள ஆழத்துக்குச் சீவியதும் சுத்தமான மஞ்சள் சதை வந்துவிட்டது. வாடையில்லை. காம்போரத்தில் மூன்று முறை சீவியும் பழுப்பு விடவில்லை. நான்காவது படத்தைப் பாருங்கள்: நார்களுக்கு நடுவே பழுப்புக் கோடுகள் கொட்டையைத் தொட்டுவிட்டன. சதையும் நீர்த்திருக்கிறது.

அப்படியானால் நடுத்திட்டை எடுத்துவிட்டு, காம்புப் பக்கப் பாதியை எறிந்து, நுனிப் பாதியைக் குழந்தைகளுக்குக் கொடுக்கலாமா? அந்த நுனியில் ஒரு குறையும் தெரியவில்லை.

பள்ளத்தூர், ஓய்வுபெற்றவர் | மே 18, மாலை 5.20

கொடுக்க வேண்டாம். முழுப் பழத்தையும் ஒதுக்குங்கள்.

காரணத்தைச் சொல்கிறேன். கேரட், முட்டைக்கோஸ் போன்ற கெட்டியான பொருளில் பூசணத்தின் இழைகள் வேகமாக ஊடுருவ முடியாது. அதனால் பூசணத்தைச் சுற்றியும் அதற்குக் கீழேயும் குறைந்தது ஓர் அங்குலம், அதாவது இரண்டரை சென்டிமீட்டர், வெட்டி எறிந்துவிட்டு மீதியைப் பயன்படுத்தலாம் என்பது நடைமுறை. கத்தி பூசணத்தில் படாமல் வெட்ட வேண்டும். மாம்பழம், பப்பாளி, தக்காளி, திராட்சை ஆகியவற்றில் நீர் அதிகம். இழை எங்கே முடிகிறது என்று கண்ணால் காண இயலாது. அழுகும் சதையில் ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் சேர்ந்து வளரும். நுனியில் குறை தெரியவில்லை என்பது உங்கள் கண்ணின் எல்லையைத்தான் காட்டுகிறது.

பெரியவர் ஒருவர் தம் பொறுப்பில் எதையாவது சாப்பிடுவது வேறு. குழந்தைகள், கர்ப்பிணிகள், வயதானவர்கள், நோயால் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் ஆகியோருக்கு நான் இந்தத் துணிவைப் பரிந்துரைக்க மாட்டேன்.

புதுவயல் வணிகர் | மே 18, இரவு 7.15

காம்பில் தொட்டதற்கெல்லாம் முழுப் பழத்தை எறிந்தால் எந்தக் கடைக்காரனும் பிழைக்க முடியாது. காம்பைச் சுற்றி மூன்று விரல் வெட்டிவிட்டு மீதியை நான் இத்தனை காலமாகச் சாப்பிட்டு வருகிறேன், ஒன்றும் ஆகவில்லை. கல் வைத்த பழத்தைப் பற்றிச் சொன்னதிலும் நான் மாறவில்லை; அதிலும் புள்ளி வரும்.

பள்ளத்தூர், ஓய்வுபெற்றவர் | மே 18, இரவு 7.50

வரலாம், ஐயா. கார்பைடால் பழுக்க வைத்த பழத்துக்கும் பூஞ்சை நோய் இருக்கக்கூடும். நான் சொல்வது புள்ளியைப் பார்த்துக் கார்பைடைக் கண்டறிய இயலாது என்பதுதான். ஒருவர் நீண்ட காலம் நலமாக இருப்பது நல்ல செய்தி. அதை வைத்து மற்ற எல்லோருக்கும் விதி எழுத முடியாது. இதற்கு மேல் நாம் இருவரும் ஒத்துப்போவோம் என்று எனக்குத் தோன்றவில்லை.

தேவகோட்டை ஆச்சி | மே 18, இரவு 9.05

எங்கள் வீட்டில் இந்த மாதிரிப் பழத்தை யாரும் எறிந்ததில்லை. அழுகியதை அரிவாள்மனையில் சீவிவிட்டு, மீதியை வெல்லத்தோடு கொதிக்க வைத்துப் பச்சடி செய்துவிடுவோம். நெருப்பில் எந்தக் கிருமியும் நிற்காது. ஆள் நிறைந்த வளவில் கூடை கூடையாகப் பழம் வந்தால் வேறு எப்படிச் சமாளிப்பது? இதில் என்ன தவறு என்று அறிந்தவர்கள் எனக்கு விளக்க வேண்டும்.

பள்ளத்தூர், ஓய்வுபெற்றவர் | மே 19, காலை 6.40

ஆச்சி, அடிபட்ட பழத்துக்கு உங்கள் வழி மிகவும் சிறந்தது. கன்றிய இடத்தை எடுத்துவிட்டு உடனே கொதிக்க வைத்தால் நல்ல பச்சடி கிடைக்கும். பூசணம் பிடித்த, புளித்த பழத்துக்கு மட்டும்தான் என் மறுப்பு.

கொதி கிருமியைக் கொல்லும் என்பது சரி. ஆனால் சில பூஞ்சைகள் வளரும்போதே சதையில் ஒரு நச்சை விட்டுவிடுகின்றன; கிருமி செத்த பிறகும் அது அங்கேயே கிடக்கும். இதற்கு நன்றாக அறியப்பட்ட சான்று ஆப்பிள். ஆப்பிளில் நீலப்பச்சைப் பூசணமாக வரும் பெனிசிலியம் எக்ஸ்பான்சம் என்ற பூஞ்சை, பாட்டுலின் என்ற நச்சை உண்டாக்கும். ஆப்பிள் சாற்றைச் சூடுபடுத்திப் பதப்படுத்தினாலும் அது பெருமளவு தாங்கி நிற்பதால், சாற்றில் ஒரு கிலோவுக்கு 50 மைக்ரோகிராமுக்கு மேல் அது இருக்கக் கூடாது என்று உலக அளவிலான உணவுத் தரம் வரையறுக்கிறது. எனவே சாறு பிழிகிறவர்கள் பிழிவதற்கு முன்பே அழுகிய ஆப்பிள்களைப் பிரித்து எறிகிறார்கள். நெருப்பை நம்பி உள்ளே போடுவதில்லை.

மாம்பழத்தின் காம்போர அழுகலை உண்டாக்குவது வேறு பூஞ்சைகள். அவற்றுக்கு ஆப்பிளின் கணக்கை அப்படியே பொருத்தக் கூடாது. கொதித்தால் எல்லாம் சரியாகிவிடும் என்ற பொது விதியைத்தான் ஆப்பிள் உடைத்துவிடுகிறது.

தேவகோட்டை ஆச்சி | மே 19, காலை 8.30

ஆப்பிளில் சிறிய அழுகல் இருந்தால் ஓர் அங்குலம் வெட்டினால் போதுமா? அதுவும் கெட்டியான பழம்தானே. நீங்கள் சொன்ன கேரட் கணக்கு அதற்குப் பொருந்த வேண்டுமே.

பள்ளத்தூர், ஓய்வுபெற்றவர் | மே 19, காலை 9.10

மிகக் கூர்மையான கேள்வி. கெட்டிப் பொருளுக்கான அங்குல விதியை ஆப்பிளுக்கும் சொல்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் பாட்டுலின் அழுகலைச் சுற்றியுள்ள, பார்வைக்கு நன்றாக இருக்கும் சதைக்கும் பரவக்கூடும் என்பதால் எறிவதே மேல் என்று நினைப்பவர்களும் உள்ளனர். நான் இரண்டாவது பக்கம். உள்ளே விதையறை வரை அழுகல் போய்விட்ட ஆப்பிளில் இதற்கு மேல் விவாதிக்க ஒன்றுமில்லை. வெளியே ஒரு சிறு புள்ளி என்றால், அவரவர் முடிவு. வெறும் அடிபட்ட பழுப்பு என்றால் எத்தனை ஆழம் என்றாலும் நறுக்கிவிட்டு மீதியைச் சாப்பிடலாம்.

கோட்டையூர் | மே 19, காலை 10.20

வாழைப்பழப் பதிலுக்கு நன்றி. எங்கள் வீட்டுச் சண்டை ஒருவாறு தீர்ந்தது.

இன்னொன்று. கொய்யாவில் ஊசி குத்திய அளவில் ஓர் ஓட்டை இருக்கிறது, அதைச் சுற்றிச் சதை பழுப்பாகிவிட்டது. இது அடிபட்டதா?

பள்ளத்தூர், ஓய்வுபெற்றவர் | மே 19, காலை 11.00

பழ ஈ குத்தி முட்டையிட்ட துளையாக இருக்க வாய்ப்பு அதிகம். நடுவில் பிளந்து பாருங்கள், வெள்ளைப் புழு நெளியும். துளை வழியாக அழுகலும் நுழைந்துவிடும் என்பதால் படத்தை அனுப்பிக் கேட்க வேண்டிய அவசியமில்லை. பிளந்து பார்ப்பதே போதும்.

காரைக்குடி வாசகி | மே 19, மாலை 5.05

அந்தப் பழத்தை மொத்தமாக ஒதுக்கிவிட்டேன். கூடையில் மீதமிருந்தவற்றை இன்று முற்றத்தில் பரப்பி, காம்பைத் தொட்டுப் பார்த்துப் பிரித்தேன். காம்பைச் சுற்றி மிருதுவாக இருந்தவை தனி. அடிபட்டு அமுங்கியவை, ஆனால் காம்பு கெட்டியாக இருந்தவை தனி. தோலில் புள்ளி மட்டும் உள்ளவை தனி.

புள்ளி மட்டும் உள்ளவற்றில் ஒன்றின் தோலைச் சற்றுக் கனமாகச் சீவினேன். ஐந்தாவது படத்தில் சதை சுத்தமாக இருக்கிறது. இன்னொன்றில் புள்ளிகள் குழிந்து ஒன்றோடொன்று சேர்ந்திருந்தன, அவற்றின் மேல் ஆரஞ்சு நிறப் பிசுபிசுப்பு காணப்பட்டது. அதையும் ஒதுக்கினேன். இந்த இரண்டாவது முடிவு சரியா?

பள்ளத்தூர், ஓய்வுபெற்றவர் | மே 19, மாலை 5.45

சரிதான். அந்த ஆரஞ்சு நிறப் பிசுபிசுப்பு, ஆந்த்ராக்னோஸ் பூஞ்சையின் வித்துத் திரள். அது மேலே எழுந்துவிட்டால் தோலோடு நிற்கும் கட்டம் கடந்திருக்கும். புள்ளி மேலோட்டமாக இருக்கும்போது தோலைக் கனமாகச் சீவி, கீழே சதை கெட்டியாகவும் நிறம் மாறாமலும் வாடையின்றியும் இருந்தால் சாப்பிடலாம். புள்ளிக்கு நேர் கீழே சதை நிறம் மாறியிருந்தால், நறுக்கும் அளவைக் கணக்கிடாமல் பழத்தை விட்டுவிடுங்கள்.

தோலில் பால் வழிந்த தடமாகக் கறுப்புக் கோடு தெரியும் பழம் ஏதாவது இருந்தால் அதை எறிய வேண்டாம். காயைப் பறிக்கும்போது காம்பு முறிந்து வழிந்த மாம்பால் தோலைச் சுட்டதால் வந்தது அது. பெரும்பாலும் தோலோடு முடிந்துவிடும்.

ஆத்தங்குடி | மே 19, மாலை 6.30

ஒரு வேண்டுகோள். மே மாதத்து வெயிலில் முற்றத்தில் பிரித்து வெட்டிய துண்டுகள் எவ்வளவு நேரம் வெளியே இருக்கலாம்?

பள்ளத்தூர், ஓய்வுபெற்றவர் | மே 19, மாலை 7.00

சாதாரண வெப்பத்தில் இரண்டு மணி நேரம். 32 டிகிரிக்கு மேல் போனால் ஒரு மணி நேரம். நம் ஊரில் இப்போது இரண்டாவது கணக்குத்தான் பொருந்தும். பழத்தை வெட்டுமுன் தோலோடு ஓடும் நீரில் கழுவுங்கள், ஏனெனில் தோலில் இருப்பதைக் கத்திதான் சதைக்கு இழுத்துச் செல்கிறது. வெட்டிய துண்டுகளை மூடிப் பிரிட்ஜில் வையுங்கள். எலுமிச்சைச் சாறு பிழிந்தால் ஆப்பிள் பழுப்பாவது தாமதமாகும்; கெடுவதை அது நிறுத்தாது.

புதுவயல் வணிகர் | மே 20, காலை 7.20

ஒதுக்கிய பழங்களை மாட்டுக்குப் போடலாம் அல்லவா? இங்கே எல்லோரும் அதைத்தான் செய்கிறோம்.

காரைக்குடி வாசகி | மே 20, காலை 8.00

எங்கள் தெருவிலும் அப்படித்தான். பூசணம் பிடித்த தீவனம் மாட்டுக்கும் ஆகாது என்று ஒரு கால்நடை மருத்துவர் சொல்லக் கேட்டதாகப் பக்கத்து வீட்டு அண்ணன் சொன்னார். அடிபட்ட பழத்தின் தோலை மட்டும் மாட்டுக்குப் போட்டேன், அழுகியதைக் குழி வெட்டிப் புதைத்தேன். மாட்டுக்கு எந்த அளவு வரை தாங்கும் என்று அறிந்தவர்கள் எழுதுங்கள்.

ஒரு பழம் மட்டும் மிச்சம் இருக்கிறது. ஆறாவது படத்தைப் பாருங்கள்: காம்பு கெட்டியாக இருக்கிறது, தோலில் எதுவும் இல்லை, ஆனால் நடுவில் அமுக்கினால் சற்று இறங்குகிறது.

பள்ளத்தூர், ஓய்வுபெற்றவர் | மே 20, காலை 8.25

படத்தில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை, தாயே. வெளிச்சத்தில் குறையில்லை, இது படத்துக்கு எட்டாத இடம். இறங்கும் இடத்தின் நடுவே வெட்டுங்கள், முகர்ந்து பாருங்கள், பழுப்பு இருந்தால் ஒரு சீவல் எடுத்துப் பாருங்கள். வெட்டிய பிறகு எழுதினால் மேலே பேசலாம்.